பிட்யூட்டரி கட்டி: காத்திருக்கலாமா, மாத்திரையா, அறுவையா?

நான் டாக்டர் இல்லை. ஒரு ஆய்வகத்தில் ஹார்மோன் பரிசோதனைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். போன வருடம் என் சித்தப்பாவுக்கு மூக்கு வழியாக பிட்யூட்டரி கட்டியை எடுத்தார்கள். அதிலிருந்து, தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்கிறார்கள். ஒருவருக்கு 6 மில்லிமீட்டர், இன்னொருவருக்கு 27 மில்லிமீட்டர். முதலாமவர் தூக்கமில்லாமல் தவிக்கிறார். இரண்டாமவர் "ஒரு டாக்டர் மாத்திரை என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது" என்கிறார். அந்த இரண்டாவது கேள்விதான் எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் ஓடியது. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால் ஒரு சின்ன எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. எடை அரை கிராம் அளவுதான். அதற்குச் சற்று மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் சந்திப்பு இருக்கிறது. ரிப்போர்ட்டில் அதை ஆப்டிக் கயாசம் என்று எழுதுவார்கள். 10 மி.மீ.க்குக் குறைவான கட்டியை மைக்ரோஅடினோமா என்றும், 10 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் மேக்ரோஅடினோமா என்றும் சொல்வது வழக்கம். இவை அநேகமாக எப்போதுமே புற்றுநோய் அல்லாத கட்டிகள்.

அந்த 10 என்ற எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. அதைவிடச் சிறியது குழிக்குள்ளேயே அடங்கிவிடும், பெரியது மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கும் என்பதற்கான ஒரு தோராயமான கோடு, அவ்வளவே. உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கட்டி பார்வை நரம்பைத் தொடுகிறதா, அழுத்துகிறதா? கட்டி தானே ஏதாவது ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா, சுரந்தால் எது? நல்ல சுரப்பியை நசுக்கி எந்த ஹார்மோனைக் குறைத்திருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் காத்திருப்பு, மாத்திரை, அறுவை என்று ஒப்பிடவே முடியும். விடை தெரியாமல் ஸ்கேனில் உள்ள மி.மீ.யை மட்டும் வைத்துப் பேசினால் சிறிய கட்டிக்காரர் வீணாகப் பயப்படுவார், பெரிய கட்டிக்காரர் தவறான மருந்தில் மாதங்களைத் தொலைப்பார்.

## சிறிய கட்டி: பார்வைக்குப் பயமில்லை, ஹார்மோனைப் பாருங்கள்

10 மி.மீ.க்குக் கீழே உள்ள கட்டி பார்வையைக் கெடுப்பது மிக அரிது. அது அநேகமாகக் கயாசத்தை எட்டுவதே இல்லை. வேறு காரணத்துக்காக, தலைவலிக்கோ தலைசுற்றலுக்கோ, ஸ்கேன் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் இப்படி ஏதாவது ஒரு சின்னப் புள்ளி தென்படலாம். பெரும்பாலானவை எதையும் சுரப்பதில்லை, வளர்வதுமில்லை.

ஆனால் "சிறியது, ஆகவே ஒன்றுமில்லை" என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. உடல் அழுத்தத்தைத் தாங்க உதவும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறி ஏற்றிவிடும் குஷிங் நோயின் கட்டி பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். சிலருக்கு எம்ஆர்ஐயில் கண்ணுக்கே தெரியாது. முகம் வட்டமாகி, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழுந்து, இளம் வயதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வந்தால், 4 மி.மீ. கட்டிக்கும் அறுவைதான் முதல் வழி. அதேபோல மோதிரம் இறுகி, செருப்பு அளவு ஏறி, தாடை முன்னால் வந்தால் அது வளர்ச்சி ஹார்மோன் வேலை. அதற்கு ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

சிறிய கட்டியோடு வருபவர்களில் நான் அதிகம் பார்ப்பது பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியவர்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது, மார்பில் பால் கசிகிறது, பரிசோதித்தால் புரோலாக்டின் 68. பெண்களுக்கு மில்லிலிட்டருக்கு சுமார் 25 நானோகிராம் வரை இயல்பு. இனி வரும் புரோலாக்டின் எண்களும் அதே அலகில்தான். ஸ்கேனில் 5 மி.மீ. புள்ளி. உடனே "கட்டிதான் காரணம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நம் ஊரில் "கேஸ் மாத்திரை" என்று வாங்கிப் போடும் பல கேப்ஸ்யூல்களில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். டோம்பெரிடோன் புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், மனநல மருந்தான ரிஸ்பெரிடோனும் அப்படியே. தைராய்டு மிகக் குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும், கூடவே பிட்யூட்டரியே வீங்கி ஸ்கேனில் கட்டி போலத் தோன்றும். தைராக்ஸின் கொடுத்தால் அந்த வீக்கம் வடிந்துவிடும். கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், கேஸ் மாத்திரையை அவர் நிறுத்தச் சொன்னால் சில நாள் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். மனநல மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

## பெரிய கட்டி: அளவும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா?

சித்தப்பாவுக்கு 54 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினார். போர்டில் உள்ள எழுத்தை நன்றாகவே படித்தார், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஸ்கூட்டர் ஓட்டும்போது பக்கத்து வண்டி "திடீர்னு முளைச்ச மாதிரி" வருகிறது என்பார். கடைக் கதவின் ஓரத்தில் தோள் இடிக்கும். அப்புறம், தினம் சவரம் செய்த மனிதர் நான்கு நாளைக்கு ஒருமுறை செய்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார். சோர்வை வயதின் மேல் போட்டோம்.

மூன்றாவதாகப் பார்த்த கண் டாக்டர் பார்வைப் புலப் பரிசோதனை செய்தார். ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, சுற்றிலும் மினுக்கும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனை அது. இரு கண்ணிலும் வெளிப்பக்கம், அதுவும் மேல் மூலை, கறுப்பாக வந்தது. பிட்யூட்டரி கட்டியின் கையெழுத்து அதுதான். கயாசத்தின் நடுவில் கடக்கும் நரம்பிழைகள் இரு கண்ணின் வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுவருபவை. கட்டி கீழிருந்து முட்டுவதால் மேல்பக்கம் முதலில் போகும். நடுப் பார்வை தப்பிவிடுவதால் எழுத்துப் பலகை எதையும் காட்டிக்கொடுக்காது.

எம்ஆர்ஐயில் 27 மி.மீ. கட்டி, கயாசத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. புரோலாக்டின் 84. ஆண்களுக்கு 20 வரை இயல்பு. முதலில் பார்த்தவர் "புரோலாக்டின் கூடியிருக்கிறது, இது புரோலாக்டினோமா, கேபர்கோலின் மாத்திரையில் கரைந்துவிடும்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது அமுதம் போல இருந்தது. எனக்கு அந்த 84தான் உறுத்தியது.

காரணம் இதுதான். புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரிதாகப் பெரிதாக எண்ணும் அதற்கேற்ப ஏறும். அந்த அளவுள்ள நிஜமான புரோலாக்டினோமாவில் 200, 250 தாண்டுவது சாதாரணம், பல ஆயிரம்கூட வரும். 27 மி.மீ.க்கு 84 என்பது பொருந்தாத ஜோடி. அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் எதிரெதிர் சிகிச்சைக்கு இட்டுச்செல்லும்.

ஒன்று, கட்டி எதையுமே சுரக்கவில்லை. மூளையிலிருந்து டோபமின் என்ற பொருள் ஒரு மெல்லிய தண்டு வழியாக இறங்கிவந்து புரோலாக்டினை எப்போதும் அடக்கி வைத்திருக்கும். கட்டி அந்தத் தண்டை அழுத்தினால் கடிவாளம் தளர்ந்து, நல்ல செல்களே கொஞ்சம் அதிகமாகச் சுரக்கும். அப்படி ஏறுவது பெரும்பாலும் 100க்குள் நிற்கும். இரண்டு, எண் உண்மையில் பல ஆயிரம், கருவிதான் குறைத்துக் காட்டுகிறது. எங்கள் பரிசோதனையில் ஒவ்வொரு புரோலாக்டின் மூலக்கூறையும் இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடித்தால்தான் கணக்கில் சேரும். ஹார்மோன் அளவுக்கு மீறி நெரிசலாக இருந்தால் ஆன்டிபாடிகள் ஆளுக்கொரு மூலக்கூறைத் தனித்தனியே பிடித்துக்கொண்டு நின்றுவிடும், ஜோடி சேராது. அதனால் எண் பொய்யாகக் குறையும். இதை ஹூக் விளைவு என்பார்கள். இப்போதைய கருவிகளில் இது குறைந்திருக்கிறது, முழுதாகப் போய்விடவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ரத்தச் சீரத்தை நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். ஹூக் விளைவாக இருந்தால் நீர்த்ததைக் கணக்கிட்டுப் பெருக்கியதும் எண் ஆயிரக்கணக்கில் எகிறும். சித்தப்பாவின் சீரத்தை நானே நீர்த்து ஓட்டினேன். 88 வந்தது. ஆக, தண்டு அழுத்தம்தான். கட்டி எதையும் சுரக்காத வகை. கேபர்கோலினுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

அன்று அந்த மாத்திரையை ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் பதற்றம் தருவது. சில வாரத்தில் புரோலாக்டின் 84லிருந்து இயல்புக்கு இறங்கியிருக்கும், ஏனென்றால் நல்ல செல்கள் மருந்துக்குக் கட்டுப்படும். ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்திருப்போம். கட்டி மட்டும் அசையாமல் நரம்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கும். இதே 27 மி.மீ. கட்டிக்கு எண் 3,400 என்று வந்திருந்தால் நான் தயங்காமல் மாத்திரைப் பக்கம் நின்றிருப்பேன், பார்வை பாதித்திருந்தாலும்கூட.

## ஒரு பார்வையில்

| நிலை | பொதுவாக முதல் வழி | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| சிறியது, எதையும் சுரக்கவில்லை | காத்திருப்பு | ஒரு வருடத்தில் மறு எம்ஆர்ஐ |
| சிறியது, புரோலாக்டின் சுரக்கிறது | தொந்தரவு இருந்தால் கேபர்கோலின் | கர்ப்பம், வேறு மருந்துகள் |
| சிறியதோ பெரியதோ, கார்டிசால் அல்லது வளர்ச்சி ஹார்மோன் | அறுவை | கைதேர்ந்த அறுவை மருத்துவர் |
| பெரியது, புரோலாக்டின் மிக அதிகம் | கேபர்கோலின் | பார்வைப் புலத்தை ஓரிரு வாரத்தில் மறுபடி |
| பெரியது, சுரக்கவில்லை, நரம்பை அழுத்துகிறது | அறுவை | அதற்கு முன் கார்டிசால் |
| பெரியது, சுரக்கவில்லை, நரம்பைத் தொடவில்லை | பெரும்பாலும் காத்திருப்பு | 6 மாதத்தில் எம்ஆர்ஐ, பார்வைப் புலம் |

## காத்திருப்பு

சுரக்காத சிறிய கட்டிக்கு இதுதான் சரியான சிகிச்சை, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது என்று இதை நினைக்க வேண்டாம். பெரிய கட்டி நரம்பிலிருந்து விலகியிருந்தாலும், ஆள் வயதானவராகவோ அறுவைக்குத் தாங்காதவராகவோ இருந்தாலும் இதைப் பரிசீலிக்கலாம். இதன் மறைவுச் செலவு, தேதி தவறுவது. முதல் வருடம் ஒழுங்காக எடுத்தவர்கள் மூன்றாவது வருடம் "ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய கட்டி வளர வாய்ப்பு அதிகம், பார்வை குறைவதோ வலியில்லாமல் மெதுவாக நடப்பது. பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வையுங்கள், புதியதை ரிப்போர்ட்டோடு மட்டும் ஒப்பிடாமல் படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 1 மி.மீ. கூடியது வளர்ச்சியா, ஸ்கேன் வெட்டு மாறியதால் வந்த வித்தியாசமா என்பது அப்போதுதான் தெரியும்.

## மாத்திரை

கேபர்கோலினை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள்தான் போட வேண்டும், பொதுவாக வாரம் அரை மில்லிகிராமில் தொடங்குவார்கள். நிஜமான புரோலாக்டினோமாவில் இது நன்றாக வேலை செய்யும். நரம்பழுத்தம் இருந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே பார்வை தெளியத் தொடங்குவதுண்டு. முதல் சில வாரம் குமட்டலும், எழுந்தால் தலைசுற்றலும் வரும். இரவில் சாப்பிட்ட பின் போட்டால் தாங்கும்.

சொல்லாமல் விடப்படும் செலவுகள் வேறு. சிலருக்கு இந்த மருந்தால் கட்டுப்பாடில்லாத ஆசைகள் கிளம்பும். ரம்மி விளையாட்டில் பணம் விடுவது, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, பாலுணர்வு மீறுவது. மாத்திரையோடு இதைத் தொடர்புபடுத்தத் தெரியாமல் குடும்பங்கள் சண்டையில் போய் நிற்கும், ஆகவே வீட்டில் ஒருவருக்காவது முன்பே சொல்லி வையுங்கள். இன்னொன்று, பல மாதம் வராமல் இருந்த மாதவிடாய் திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் முதல் மாத்திரையிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும். குழந்தை வேண்டுபவர்களுக்கோ இதைவிட நல்ல வழி குறைவு. சிறிய கட்டியாக இருந்தால் கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் மருந்தை நிறுத்திவிடுவார்கள், பெரியதாக இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு திட்டமிட வேண்டும். வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

## அறுவை

மண்டையைத் திறப்பதில்லை. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, அந்த எலும்புக் குழியின் முன்சுவரைத் திறந்து கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். கயாசம் அழுத்தப்பட்டு, கட்டி சுரக்காத வகையாக இருந்தால் இதற்கு மாற்று இல்லை, தள்ளிப்போடவும் கூடாது. நரம்பு எவ்வளவு நாள் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தே பார்வை திரும்பும். நரம்பு இழை மெலிந்துவிட்டதா என்பதைக் கண் ஓசிடி ஸ்கேன் முன்கூட்டியே ஓரளவு சொல்லும்.

அறுவைக்கு முன் காலை 8 மணிக்குக் கார்டிசால் பார்ப்பதை ஒருபோதும் விடக்கூடாது. சித்தப்பாவுக்கு டெசிலிட்டருக்கு 2.6 மைக்ரோகிராம். 3க்குக் கீழே என்றால் உடலில் கார்டிசால் போதவில்லை என்றுதான் பொருள். தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை ஹார்மோனான டிஎஸ்எச் 1.9, பார்த்தால் இயல்பு. ஆனால் தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 குறைவு. கட்டளையிடும் பிட்யூட்டரியே பழுதாகும்போது டிஎஸ்எச் ஏறாது, அதனால் டிஎஸ்எச் மட்டும் பார்க்கும் பேக்கேஜ் பரிசோதனையில் இது சிக்காது. அப்புறம் வரிசை முக்கியம். முதலில் கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் இருக்கிற கொஞ்ச கார்டிசாலும் வேகமாகத் தீர்ந்து ஆள் சரிந்துவிடலாம்.

அறுவை முடிந்த மறுநாளே சித்தப்பா "சன்னல் ஓரம் தெரியுது" என்றார். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம். ரத்தத்தில் சோடியம் 124 (135க்கு மேல் இருக்க வேண்டும்). பிட்யூட்டரி அறுவைக்குப் பின் முதல் வாரக் கடைசியில் உடல் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு சோடியம் இறங்குவது தெரிந்த சிக்கல்தான், வீட்டுக்கு வந்த பிறகு வருவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் கட்டுப்படுத்தி மூன்று நாளில் சரிசெய்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஏழாம் நாள் சோடியம் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, முதல் சில நாளில் தாகம் அடங்காமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் போல சிறுநீர் போவதும் உண்டு. பெரும்பாலும் தற்காலிகம், டெஸ்மோபிரெசின் மருந்தில் கட்டுப்படும். குனிந்தால் மூக்கிலிருந்து உப்புக் கரிக்கும் தெளிந்த நீர் சொட்டினால் அது சளி இல்லை, மூளைத் திரவம். மூக்கைச் சிந்தாமல் உடனே போக வேண்டும். எஞ்சிய செலவு வாழ்நாள் முழுக்க நீளலாம். சித்தப்பாவின் கார்டிசால் திரும்பவில்லை. காலையில் 10, மாலையில் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் போடுகிறார், காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு, வாந்தி எடுத்தால் ஊசி. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. நிறைய பிட்யூட்டரி அறுவை செய்பவரிடம் இந்தச் சிக்கல்கள் குறைவு, ஆகவே "வருடத்துக்கு இதில் எத்தனை செய்கிறீர்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

## கதிர்வீச்சு

இது முதல் வழியாக வருவது அபூர்வம். அறுவைக்குப் பின் மிச்சம் வளர்ந்தாலோ, ஹார்மோன் அடங்காவிட்டாலோதான் யோசிப்பார்கள். பலன் வர வருடங்கள் ஆகும், அந்த வருடங்களில் மற்ற ஹார்மோன்களும் ஒவ்வொன்றாகக் குறையக்கூடும். மிச்சக் கட்டி பார்வை நரம்புக்கு மிக அருகில் இருந்தால் ஒரே தவணையில் கொடுக்கும் முறை பொருந்தாது.

## ஒப்பிட நேரமில்லாத நேரம்

கட்டி இருப்பது தெரிந்தவருக்கோ தெரியாதவருக்கோ, இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி திடீரென வந்து, கூடவே வாந்தி, இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், பார்வை மங்குதல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால், கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். கார்டிசால் சட்டென்று விழுவதால் உயிருக்கே ஆபத்து. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், வாசலிலேயே "பிட்யூட்டரி கட்டி இருக்கிறது" என்று சொல்லுங்கள், ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.